கிரவுட்டுக்குத் தமிழ் என்ன?

செல்வி:
வணக்கம். சமையலறைத் தரை ஓடு பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஓடுகளுக்கு நடுவே அடைக்கிற கிரவுட்டுக்கு ‘இடுக்குச்சாந்து’ என்று போட்டிருக்கிறேன். எண்ணெய்க்கறை கண்ணில் படாத நிறம் என்று வரும் இடத்தில் ‘கறைபடா இடுக்குச்சாந்து’. ஆன்டி-ஸ்கிட்டுக்கு ‘வழுக்கா ஓடு’. சரியா?

தமிழாசிரியர்:
‘வழுக்கா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், கச்சிதம். இடுக்கும் நல்ல சொல்தான். இடுக்கண்கூட அதற்கு உறவு என்பது என் கட்சி, கண் இடுங்குவதால் வந்தது. ஆனால் சாந்து என்பது மார்பில் பூசிய சந்தனமாயிற்றே, அதைக் காலடியில் தேய்ப்பதா? ‘சந்துநிரப்பி’ என்க.

முத்து:
ஐயா, சந்தனத்தை விட்டு இறங்குங்கள். முப்பது வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். எண்ணெய் சிந்தினால் எந்த ஓடும் வழுக்கும். கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வுவரை தாங்குகிறது என்று பார்த்துத்தான் பெட்டியில் ஆர்9 முதல் ஆர்13 வரை போடுகிறார்கள். வீட்டுக்கு ஆர்10 போதும். அதற்கு மேல் சொரசொரப்பு கூடி, பள்ளத்தில் பிசுக்கு உட்கார்ந்துவிடும். ஆகவே ‘வழுக்குக்குறை ஓடு’.

‘கறைபடா’ அதைவிடப் பெரிய பிழை. கறையை மறைப்பது வேறு, ஏற்காதது வேறு. சிமென்ட் கிரவுட் எந்த நிறமானாலும் எண்ணெயைக் குடிக்கும். நடுத்தரச் சாம்பலில் அது தெரியாது, அவ்வளவே. எபாக்சி என்கிற பிசின் வகைக் கிரவுட்தான் குடிக்காது.

ரேவதி:
எங்கள் வீட்டில் வெள்ளை போட்டோம். ஆறே மாதத்தில் அடுப்பு முன்னால் பழுப்பு. ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்த்தால் அடியில் மட்டும் பளிச்! அடுத்த வீட்டில் கறுப்பு போட்டார்கள், அதில் மாவும் சோப்புத் தண்ணீர்க் கறையும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. அப்போ எபாக்சியை எந்த நிறத்திலும் போடலாமா?

முத்து:
எண்ணெய் உள்ளே இறங்காது, ஆனால் மேலே பிசுக்கு படியும். அதனால் அங்கேயும் சாம்பலோ பழுப்போதான் நல்லது. ஓடும் ஒரே நிறமாக இல்லாமல் புள்ளியும் மேகமுமாக இருக்கட்டும். சிமென்ட் வகை என்றால் கொஞ்சம் குழைத்து, காயவைத்துப் பார்த்துவிட்டு நிறம் முடிவு செய்யுங்கள். ஈரத்தில் கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். தண்ணீர் அதிகமானால் திட்டுத்திட்டாகிவிடும்.

தமிழாசிரியர்:
எபாக்சி பிசின் அல்லவா? அதுவும் எப்படிச் சாந்தாகும்? என் ‘நிரப்பி’ இரண்டுக்கும் பொருந்துகிறது.

செல்வி:
அது நியாயம்தான் ஐயா. ஆனால் ‘சந்துநிரப்பி’ என்று படித்துக் காட்டினேன். வீட்டில் எல்லாரும் தெருவை நிரப்புகிறார்களா என்று சிரிக்கிறார்கள். ‘கறை மறைக்கும் நிறம்’, ‘வழுக்குக்குறை ஓடு’ இரண்டையும் மாற்றிவிட்டேன். இடுக்குச்சாந்துக்கு மூன்று பேர் ஆதரவு, அதையே அனுப்புகிறேன்.

முத்து:
நான் அந்த மூன்றில் இல்லை. ஓடு பதிக்கிறவரிடம் இடுக்குச்சாந்து கேட்டேன், ‘ஜாயின்ட் ஃபில்லரா சார்?’ என்றார்.

தமிழாசிரியர்:
ஃபில்லர்! நிரப்பி!