மாதக் கணக்கில் உபரி, மாத நடுவில் பற்றாக்குறை: உதவி தேவை

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் நடத்துகிறோம். அக்டோபருக்கான ரொக்க பட்ஜெட்டில் சிக்கிக்கொண்டேன்.

எதிர்பார்க்கும் விற்பனை ஆகஸ்ட் 10 லட்சம், செப்டம்பர் 12, அக்டோபர் 15. வசூல் அதே மாதம் 20%, அடுத்த மாதம் 50%, அதற்கடுத்த மாதம் 30%. ஆக அக்டோபர் வசூல் 3 + 6 + 3 = 12 லட்சம். தொடக்க இருப்பு 1.5 லட்சம். நூல், கூலி, தீபாவளி போனஸ், வாடகை, கடன் தவணை சேர்த்து 13 லட்சம் வெளியே போகும். மாதக் கடைசியில் 50 ஆயிரம் மிச்சம் என்று எக்செல் காட்டுகிறது.

ஆனால் வசூலில் 8 லட்சம் 20ஆம் தேதிக்குப் பிறகுதான் வரும். போனஸும் நூல் பணமும் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். 18ஆம் தேதிக்குள் 10 லட்சம் போகிறது, கையில் இருப்பது 5.5 லட்சம்தான். துண்டு 4.5 லட்சம்!

தேய்மானம் தவறுதலாகச் செலவில் ஏறவில்லை, பார்த்துவிட்டேன். முன்கூட்டிப் பணம் கேட்டதற்குப் பார்ட்டிகள் மறுத்துவிட்டார்கள். மாத வசூலை நான்கால் வகுத்து வாரக் கணக்கும் போட்டேன், அதில் துண்டு சரியாகத் தெரியவில்லை.

வங்கியில் ஓ.டி. கேட்பதற்குமுன், மாத வசூலை வாரங்களுக்கு நீங்கள் எந்த அடிப்படையில் பிரிக்கிறீர்கள்: பில் தேதி வைத்தா, ஒவ்வொரு பார்ட்டியும் முன்பு பணம் தந்த தேதியை வைத்தா?