புதுப்பிப்பு: மேற்குச் சுவரில் பீம், தூண் மட்டும் சுடுவது

நான் கேட்டிருந்தது: "ஏஏசி என்ற, காற்றுத் துளைகள் நிறைந்த இலகுவான பிளாக்கால் கட்டிய சுவர் இதமாக இருக்கிறது, இரவு எட்டு மணிக்கும் பீமும் தூணும் மட்டும் ஏன் சுடுகின்றன? என்ன செய்யலாம்?"

ஏசி எத்தனை டன் போடலாம் என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். என் கேள்வி அதுவல்ல. உட்பக்கம் தெர்மோகோல் ஒட்டச் சொன்னவர் சொன்னது பாதி சரி. உள்ளே தொட்டால் சுடாது, ஆனால் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பீமிலிருந்து ஸ்லாபுக்கும் அந்தச் சூடு போகும்.

கட்டடப் பொறியாளர் ஒருவரின் கணக்குதான் கண்ணைத் திறந்தது. கான்கிரீட் ஏஏசியைவிடச் சுமார் ஒன்பது மடங்கு வெப்பத்தைக் கடத்தும். 200 மிமீ பிளாக்குக்கு ஈடுகொடுக்க ஏறக்குறைய 1.8 மீட்டர் கான்கிரீட் வேண்டும்! ஆனால் வெளியே எக்ஸ்பிஎஸ் என்ற 25 மிமீ நுரைப் பலகை ஒட்டினாலே சூட்டைத் தடுப்பதில் தூண் கிட்டத்தட்ட அந்தச் சுவர் அளவுக்கு வந்துவிடும்.

அப்படியே செய்தோம். பலகையைத் தூணோடு நிறுத்தாமல் இருபுறமும் பிளாக் மேல் 150 மிமீ நீட்டினோம், இல்லாவிட்டால் சூடு ஓரம் சுற்றி உள்ளே வரும். மேலே ஃபைபர் வலை பதித்து பாலிமர் பூச்சு, பிறகு வெள்ளை பெயிண்ட். கொத்தனார் வழக்கமான சிமெண்ட் பூச்சே போதும் என்றார். பலகை மேல் அது வெடிக்கும் என்று மறுத்துவிட்டேன்.

இப்போது அதே நேரத்தில் கை வைத்தால் தூணுக்கும் சுவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. லிண்டலிலிருந்து நீளும் சன்ஷேடு மட்டும் இன்னும் சூட்டை உள்ளே இழுக்கிறது. அதன் மேலும் கீழும் பலகை சுற்றலாம் என்கிறார் பொறியாளர், மழைநீர் உள்ளே தேங்குமோ என்று எனக்குத் தயக்கம். யாராவது செய்திருக்கிறீர்களா?