1000 டாலர் அனுப்பினேன், வீட்டுக்குக் குறைந்து போயிருக்கிறது. மீதி எங்கே?

நடுவழி
அவசரம். வங்கி வழியாக வீட்டுக்கு 1000 டாலர் அனுப்பினேன். கட்டணம் 20 டாலர் தனியாகப் பிடித்தார்கள், அது தெரிந்ததுதான். அன்றைக்கு இணையத்தில் டாலருக்கு 80 காட்டியது (கணக்குக்காக எண்களை முழுசாக்கியிருக்கிறேன்). 80,000 வந்திருக்க வேண்டும். நாலு நாள் கழித்து அம்மா கணக்கில் விழுந்தது 76,440. மீதி 3,560 யார் எடுத்தது? அடுத்த வாரமும் 1000 அனுப்ப வேண்டும். எதில் அனுப்புவது?

ஒற்றைக்குடை
டாலராகவே அனுப்பினீர்களா, இல்லை உங்கள் வங்கியே மாற்றி அனுப்பியதா? படிவத்தில் கட்டணத்தை யார் கட்டுவது என்ற இடத்தில் `OUR` என்றால் அனுப்புபவர், `SHA` என்றால் இருவரும், `BEN` என்றால் பெறுபவர் என்று மூன்று இருக்குமே, எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

பூவரசு
வரியாக இருக்கும். வெளியிலிருந்து வரும் பணத்துக்கு வரி பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பழங்கணக்கு
வரியெல்லாம் இல்லை. இந்தக் கேள்வி மாதம் நாலு தடவை வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் பார்த்தால் விரல் தேய்ந்துவிடாது. பணம் அனுப்பும்போது வங்கி எழுதும் செய்திக்கு `MT103` என்று பெயர், உங்கள் வங்கியில் அதன் நகல் கேளுங்கள். அதில் எல்லாம் இருக்கும்.

தபால்பெட்டி
வங்கியை விடுங்க. நான் ஒரு செயலியில் அனுப்புகிறேன், கட்டணம் பூஜ்யம், பத்தே நிமிடம். போன மாதம் 80.50 கொடுத்தார்கள். இணையத்தில் காட்டியதைவிட அதிகம்!

ஒற்றைக்குடை
@தபால்பெட்டி அது உங்கள் முதல் அனுப்பலா?

தபால்பெட்டி
ஆமாம். ஏன்?

ஒற்றைக்குடை
முதல் தடவைக்கு மட்டும் நல்ல விலை கொடுத்து ஆளைப் பிடிப்பார்கள். இப்போது செயலியைத் திறந்து 1000 போட்டுப் பாருங்கள், அனுப்ப வேண்டாம்.

தபால்பெட்டி
78.40 காட்டுகிறது. 😐

நடுவழி
டாலராகத்தான் போனது. `SHA` என்று போட்டிருக்கிறது, நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாகவே இருந்தது. `MT103` நகலும் வாங்கிவிட்டேன். தொகை எழுதும் `32A` என்ற இடத்தில் 1000 முழுசாக இருக்கிறது. அப்படியென்றால் வழியில் யாரும் எடுக்கவில்லையா?

பழங்கணக்கு
அப்புறம் என்ன, முடிந்தது. முழுசாகப் போயிருக்கிறது. அம்மாவின் வங்கிதான் எடுத்திருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

ஒற்றைக்குடை
அவசரப்படாதீர்கள். உங்கள் கையில் இருப்பது உங்கள் வங்கி அனுப்பும்போது எழுதிய தாள். பணம் வாசலைத் தாண்டும்போது 1000தான், அதில் சந்தேகமில்லை. நடுவில் ஒரு வங்கி 20 எடுத்தால் அது உங்கள் நகலில் எப்படித் தெரியும்? அந்த வங்கி அடுத்த வங்கிக்கு எழுதும் செய்தியில்தான் தொகை குறையும், எடுத்த கட்டணம் `71F` என்ற வரியில் வரும். அதனால் பார்க்க வேண்டியது அம்மாவின் வங்கிக்கு வந்த செய்தியை. இப்போது வங்கிகளுக்கு இடையே போவது புதிய வடிவச் செய்தி, ஆனாலும் கவுன்டரில் இன்னும் `MT103` என்றுதான் கேட்கிறோம், கொடுக்கிறார்கள்.

சண்டை வேண்டாம். அம்மாவை இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை டாலர் வந்தது, எந்த விலையில் மாற்றினீர்கள். வரவுச் சீட்டில் இரண்டும் இருக்கும். உங்கள் பக்கம் `UETR` என்ற 36 எழுத்துக் குறியீடு இருக்கும், அதை வைத்து உங்கள் வங்கியும் பணம் போன வழியைத் தேடலாம்.

ஈரமண்
எனக்கு இதைவிட மோசம். பெயரில் ஒரு எழுத்து மாறிப்போய் ஒன்பது நாள் தொங்கியது. திரும்பி வந்தபோது அதற்கும் ஒரு கட்டணம். நாலு நாளில் வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள்.

நடுவழி
அம்மா சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். 980.00, விலை 78.00.

ஒற்றைக்குடை
கணக்கு ஒட்டிவிட்டது. 980 × 78 = 76,440. வழியில் போன 20 டாலர், 80 விலையில் 1,600. மீதி 980 டாலரிலும் தலைக்கு 2 குறைத்து மாற்றியதில் 1,960. இரண்டும் சேர்ந்தால் உங்கள் 3,560. நீங்கள் தனியாகக் கட்டிய 20 இதில் இல்லை. அதையும் சேர்த்தால் மொத்தச் செலவு 64.50 டாலர். ரசீதில் பார்த்தது 20 மட்டும்.

பெரிய ஓட்டை விலையில்தான். டாலராக அனுப்பினால் எந்த விலையில் மாற்றுவது என்பதை அந்தப் பக்கத்து வங்கி, பணம் வந்த பிறகு முடிவு செய்கிறது. உங்களுக்கு முன்கூட்டித் தெரிய வழியே இல்லை. இந்தப் பக்கமே மாற்றி அனுப்பினால் விலை மோசமாக இருந்தாலும் அழுத்துவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும்.

பழங்கணக்கு
`OUR` போட்டிருந்தால் இந்த 20 மிச்சம். அடிப்படை.

ஈரமண்
`OUR` போட்டு எனக்கும் 15 குறைந்தது சார்.

பழங்கணக்கு
அப்படி நடக்காது. `OUR` என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. விதி அது.

ஈரமண்
விதி தெரியும். 15 வரவில்லை, அதுவும் தெரியும்.

பூவரசு
விதி வேறு, வங்கி வேறு போலிருக்கிறது.

பழங்கணக்கு
நகலைப் போடுங்கள், பேசலாம். சும்மா சொல்வதை எல்லாம் நம்ப முடியாது.

ஈரமண்
என் கணக்கு எண்ணோடு உங்களுக்குப் போட வேண்டுமா? நல்ல கதை.

நடுவழி
ஐயா, அடுத்த வாரம் எதில் அனுப்புவது?

ஒற்றைக்குடை
பெயர் பார்க்காமல் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: கையிலிருந்து மொத்தம் 1000 போனால் அம்மா கணக்கில் எவ்வளவு விழும். எல்லா வழிகளிலும் அதே நிமிடத்தில் போட்டுப் பாருங்கள், விலை நகர்ந்துகொண்டே இருக்கும்.

தபால்பெட்டியின் பூஜ்யக் கட்டணச் செயலியில் 78,400. 9 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு 80க்கே மாற்றும் ஒரு சேவை இருக்கிறது என்று வைப்போம். 991 × 80 = 79,280. கட்டணம் வாங்குகிறவர்தான் இங்கே மலிவு. ஆனால் 300 மட்டும் அனுப்பினால் தலைகீழ்: பூஜ்யத்தில் 23,520, மற்றதில் 23,280. இந்த இரண்டுக்கும் 450 டாலர்தான் எல்லை, அங்கே இரண்டும் ஒன்று. நிஜத்தில் தொகை கூடினால் கட்டணமும் கூடலாம், அதனால் என் எல்லையை நம்பாமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.

தபால்பெட்டி
ஆனால் பத்து நிமிடம்! அது கணக்கில் வராதா?

ஒற்றைக்குடை
வரும், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அந்த 880 வித்தியாசம் போனாலும் பரவாயில்லை. மாதச் செலவுக்கு எதற்கு? அப்புறம் அந்தப் பத்து நிமிடமும் பெரும்பாலும் கார்டில் கட்டினால்தான். கிரெடிட் கார்டில் கட்டினால் ரொக்கம் எடுத்ததாகக் கணக்கு வைத்து, தனிக் கட்டணமும் அன்றைக்கே தொடங்கும் வட்டியும் போடும் வங்கிகள் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் ஒரு நாள் இரண்டு நாள் ஆகும். முதல் தடவை அடையாளச் சரிபார்ப்பு வேறு நடக்கும், அதனால் தேவைப்படும் நாளுக்கு முந்தின நாள் கணக்கு திறக்காதீர்கள். வெள்ளி மாலையும் வேண்டாம்.

தபால்பெட்டி
நான் கிரெடிட் கார்டில்தான் கட்டினேன்...

ஒற்றைக்குடை
இந்த மாத அறிக்கையைப் பாருங்கள்.

நடுவழி
(ஒன்பது நாள் கழித்து) வேறு சேவையில் அனுப்பினேன். 79,200 சொன்னது, 79,200 வந்தது. மூன்று நாள் ஆனது, அதில் இரண்டு நாள் சரிபார்ப்புக்கு. பழைய 20 டாலரை யார் எடுத்தது என்று என் வங்கிக்கு `UETR` கொடுத்துக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. நன்றி.

ஈரமண்
பதில் வந்தால் இங்கே போடுங்கள். என்னுடைய 15ம் அதே ஆளிடம்தான் இருக்க வேண்டும்.

பழங்கணக்கு
`OUR` போட்டிருக்க மாட்டீர்கள்.