வைவாவில் எவ்வளவு எடுத்தால் பாஸ்?

மதுரைப் பொண்ணு: டெல்லி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வரும் வியாழக்கிழமை எம்.ஏ. ஆய்வேட்டு வைவா. கைடு 58 போட்டிருக்கிறார், இரண்டு எக்ஸ்டர்னல்களும் 44, 39. மொத்தத்தில் 50 வேண்டும். வைவாவில் எவ்வளவு எடுக்கணும்? ராத்திரி தூக்கமே இல்லை.

கரோல்பாக் தம்பி: மூன்றையும் கூட்டினால் 141. நான்கு பேருக்கு 200 வேண்டும். ஆக 59 எடுக்கணும் அக்கா.

முனிர்கா அண்ணா: நான் வந்த புதிதில் ஜனவரிக் குளிரில் ஹீட்டர் இல்லாத அறையில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதினேன். இந்தியும் தெரியாது. வைவாவில் மார்க் எல்லாம் கேட்க மாட்டார்கள், எக்ஸ்டர்னல் பரிந்துரைத்தால் போதும். கவலைப்படாதே.

ஆர்.கே.புரம் அக்கா: அது பிஎச்.டி. தம்பி, இது மாஸ்டர்ஸ். மதுரைப் பொண்ணு, யாருக்கு எவ்வளவு வெயிட்டேஜ்? அது தெரியாமல் 59 என்று சொல்வது சரியில்லை.

கரோல்பாக் தம்பி: எங்கள் டிபார்ட்மெண்டில் எல்லாருக்கும் 25தான்.

முனிர்கா அண்ணா: வெளியூர் எக்ஸ்டர்னல்கள் ஆய்வேட்டை முழுசாகப் படிப்பதே இல்லை. எனக்கு வந்தவர் நூற்பட்டியலைப் பற்றி மட்டுமே அரைமணி நேரம் கேட்டார்.

மதுரைப் பொண்ணு: மன்னிக்கணும், சொல்ல மறந்துவிட்டேன். கைடுக்கு 40, எக்ஸ்டர்னல் ஒவ்வொருவருக்கும் 20, வைவாவுக்கு 20. வைவா 50 மார்க்குக்கு நடக்கும், அதில் தனியாகப் பாதி எடுக்கணும்.

ஆர்.கே.புரம் அக்கா: கைடு தந்தது 23.2. எக்ஸ்டர்னல்கள் 8.8, 7.8. சேர்த்தால் 39.8 கையில் இருக்கிறது. மீதி 10.2 வைவாவிலிருந்து வரணும், அதாவது நூற்றுக்கு 51. உங்களுக்கு 50க்கு என்பதால் 25.5. முழு மார்க்தான் போடுவார்கள் என்றால் 26.

25 எடுத்தால் வைவா பாஸ், ஆனால் மொத்தம் 49.8, அங்கே ஃபெயில். அதை 50 ஆக ரவுண்ட் செய்வார்களா என்று விதிமுறைப் புத்தகத்தில் பாருங்கள். சில இடங்களில் செய்வார்கள், சில இடங்களில் செய்யவே மாட்டார்கள். இன்னொன்று, அந்த 39. எக்ஸ்டர்னல் ஒவ்வொருவரிடமும் 40 வேண்டும் என்று விதி இருந்தால், வைவாவில் 50க்கு 50 எடுத்தாலும் உதவாது. நாளைக் காலையில் ஆபீஸில் முதலில் இதைக் கேளுங்கள்.

கரோல்பாக் தம்பி: அப்படி ஒரு விதியே நான் கேள்விப்பட்டதில்லை.

ஆர்.கே.புரம் அக்கா: எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தது, அதனால் சொல்கிறேன். 39 போட்டவரின் ரிப்போர்ட் கையில் இருக்கிறதா?

மதுரைப் பொண்ணு: இருக்கிறது அக்கா. பன்னிரண்டு பேரிடம் மட்டும் பேட்டி எடுத்துவிட்டு எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும் என்று முடிவுரையில் எழுதியது தவறாம்.

ஆர்.கே.புரம் அக்கா: அதுதான் முதல் கேள்வியாக வரும். வாதாடாதீர்கள். பன்னிரண்டு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், யாரை விட்டீர்கள் என்று சொல்லி, அந்த முடிவுரை வரியை எப்படித் திருத்துவீர்கள் என்பதை எழுதியே எடுத்துப் போங்கள்.

மதுரைப் பொண்ணு: சரி அக்கா. ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.