புதுப்பிப்பு: மணித் தோரணத்தின் விலை

முன்பு கேட்டது: "டர்பனில் மணித் தோரணம் கோத்து விற்கிறேன். பொருள் 90 ராண்ட், கூலி 120, ஆக 210. அதற்கு மேல் கேட்கலாமா?"

"செலவை இரட்டிப்பாக்கு" என்றார் ஒரு தம்பி. இழப்பு வராது, உண்மைதான். ஆனால் வாங்குபவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. இன்னொருவர் மணி எங்கே மலிவு என்று சொன்னார். நான் கேட்டது அதுவல்ல.

சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர்தான் வழி காட்டினார்: "இது இல்லையென்றால் என்ன வாங்குவார்கள் என்று அவர்களிடமே கேள்."

கேட்டேன். அன்றாட வாசலுக்கு வாங்குபவர்கள் 150 ராண்ட் இறக்குமதித் தோரணத்தோடு ஒப்பிடுகிறார்கள். கல்யாண வீட்டாரோ 350 ராண்ட் பூத்தோரணத்தோடு; அது மறுநாளே வாடிவிடும். என்னுடையது தங்கும், புடவை நிறத்துக்குப் பொருந்தும், மணமக்கள் பெயரும் இருக்கும். பெயர் கோக்கக் கூடுதல் செலவு 40 தான். 350க்கு மேல் இவற்றுக்காக 130 சேர்த்து 480 என்றேன். பேரம் பேசியவர்கள் உண்டு, ஆனால் பெரும்பாலோர் வாங்கினார்கள். ஒருவருமே முகம் சுளிக்காவிட்டால் விலை குறைவு என்கிறார் அக்கா.

சாதாரணத் தோரணத்தை 150க்கு இறக்க முடியாது. 210 என் அடிவரம்பு. அதை நிறுத்திவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் தீபாவளிக்கு அதைத்தான் கேட்பார்கள்.