மூடி உப்பிய அன்னாசிப் பெட்டி

உப்புவெளி அக்கா: சனிக்கிழமை பின்னேரம் டவுனில் வெட்டி அடைத்த அன்னாசி, மாம்பழம், பலாச்சுளை மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி, வந்த கையோடு பிரிட்ஜில் வைத்தோம். செவ்வாய் காலை பார்த்தால் பலாச்சுளை அப்படியே இருக்கிறது. மாம்பழம் ஓரத்தில் கொழகொழ. அன்னாசிப் பெட்டியின் மூடி உப்பி, திறந்ததும் புஸ் என்று காற்று வந்தது. உங்கள் வீடுகளிலும் இப்படியா?

மூதூர் தம்பி: அன்னாசி புளிப்புப் பழம் அக்கா, லேசில் பழுதாகாது. எங்கள் வீட்டில் ஒரு கிழமையும் இருந்திருக்கிறது. மூடி இறுகவில்லை போல.

நிலாவெளி ஹோட்டல் சமையல்காரர்: புளிப்பு சில கிருமிகளைத் தடுக்கும், அது சரி தம்பி. ஈஸ்ட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சீனியைத் தின்று வாயுவை விடும். மூடி இறுகி இருந்ததால்தான் உப்பியது. கள்ளு வாடையும் வந்திருக்குமே?

நாங்கள் நாளை எண்ணுவது கத்தி பட்ட நேரத்திலிருந்து. வெட்டிய பழம் வெளியே இரண்டு மணித்தியாலம்தான் தாங்கும், நம்மூர் வெயிலில் 32 பாகை தாண்டினால் ஒன்றே ஒன்று. அதற்குள் 4 பாகைக்குக் கீழே போனால் அன்னாசியும் மாம்பழமும் மூன்று நாள், மிஞ்சினால் நாலு. பலாச்சுளை கிழியாமல் எடுத்திருந்தால் சாறு வடியாது, அதனால் இன்னும் ஒரு நாள் கூடத் தாங்கும். பெட்டியின் அடியில் சாறு தேங்கினால் அதில் ஊறும் துண்டுதான் முதலில் போகும். நான் அடியில் சமையலறைக் கடதாசி ஒன்றை மடித்து வைப்பேன்.

கிண்ணியா வாசகி: எனக்கு அன்னாசி சாப்பிட்டாலே நாக்கு எரியுது. அதுவும் பழுதானதால்தானா?

நிலாவெளி ஹோட்டல் சமையல்காரர்: இல்லை தங்கச்சி, அது பழத்தின் குணம். இப்போதுதான் வெட்டிய அன்னாசியும் எரிக்கும். நுரை, வழுவழுப்பு, கள்ளு வாடை, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். நுரைத்ததைக் கழுவி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

உப்புவெளி அக்கா: கள்ளு வாடை வந்தது, உண்மைதான். மூன்றும் ஒரே தட்டில்தான் இருந்தன. கடையில் கேட்டால் "அண்டைக்கு அப்பதான் வெட்டினது" என்கிறார்கள். லேபிளில் திகதி இருக்கிறது, நேரம் இல்லை. அந்தப் பெட்டிகள் ஐஸ் இல்லாத மேசையில்தான் அடுக்கியிருந்தன.

மூதூர் தம்பி: அப்ப பலாச்சுளை மட்டும் எப்படித் தப்பியது? கொட்டையோடு இருந்ததா?

உப்புவெளி அக்கா: ஓம், கொட்டையோடுதான்.

கிண்ணியா வாசகி: எங்கள் வீட்டிலும் கொட்டை எடுக்காமல்தான் வைப்போம், பிசுபிசுப்புக் குறைவு.

நிலாவெளி ஹோட்டல் சமையல்காரர்: கீறிக் கொட்டை எடுத்தால் சாறு வடியும் என்பது உண்மை. ஆனால் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்ததில் நாள் கணக்கில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஃப்ரீசரில் வைப்பதென்றால் மட்டும் கொட்டையை எடுத்துவிடுவேன், அப்போது மாதக்கணக்கில் இருக்கும்.