கலைச்சொல்: ஸ்வாப் சார்ஜுக்குத் தமிழில் என்ன?

மல்லிகா (செந்தூல்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாணய வணிகம் பற்றிய கையேடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு பொசிஷனை மறுநாளும் மூடாமல் வைத்திருந்தால் கணக்கில் விழும் ஸ்வாப் சார்ஜுக்கு, மொழிபெயர்த்தவர் "இடமாற்றுக் கட்டணம்" என்று போட்டிருக்கிறார். படித்தால் வீடு மாறும்போது லாரிக்காரருக்குக் கொடுக்கிற காசு போல இருக்கிறது. "இரவுக் கட்டணம்" என்று மாற்றிவிடலாமா? குறைந்த வட்டி நாணயத்தைக் கடன் வாங்கி அதிக வட்டி நாணயத்தில் போட்டு வைக்கிற கேரி டிரேடுக்கு அவர் போட்டது "சுமப்பு வணிகம்". அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கதிர் (பிரிக்பீல்ட்ஸ்) எழுதியது:

"தண்டம்" என்று போடுங்கள் அக்கா, சரியாக இருக்கும். என் கதையைக் கேளுங்கள். 2023 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, டாலரை யெனுக்கு எதிராக 149.20-இல் விற்றேன். 0.1 லாட், அதாவது 10,000 டாலர். நல்ல வேளை, பயிற்சிக் கணக்கு. ஆறு வாரம் கழித்து இன்னொரு திங்கட்கிழமை 148.20-இல் மூடினேன். நான் நினைத்தபடியே டாலர் ஒரு யென் இறங்கியிருந்தது. ஆனால் கணக்கைப் பார்த்தால் 12 டாலர் போல நஷ்டம்! தினமும் 1.87 டாலர் அளவில் கழிந்ததைப் பார்த்தேன், ஒரு தே தாரிக் காசு என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலையில் மட்டும் 5.60 போனது, அது ஏன் என்று இன்னும் தெரியாது.

சண்முகம் (பினாங்கு) எழுதியது:

தம்பி, இதில் புதிர் ஒன்றும் இல்லை. நீங்கள் 100 டாலர் முன்பணம் கட்டி 10,000 டாலருக்கு வணிகம் செய்தீர்கள். மீதி 9,900-ஐத் தரகன் கடனாகக் கொடுத்தான், அதற்கு வட்டி எடுத்தான். பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் செட்டியார்கள் செய்ததும் இதுதான். என் தாத்தா அங்கே கணக்கு எழுதியவர். அவர்கள் சொல்லும் "நடப்பு வட்டி" என்ற சொல் தயாராக இருக்கும்போது புதிதாக ஏன் உருட்ட வேண்டும்?

ரேணுகா (பெட்டாலிங் ஜெயா) எழுதியது:

சண்முகம் ஐயா, வட்டி என்று சொன்னது சரி. கடனுக்கு வட்டி என்றதுதான் இடிக்கிறது. லிவரேஜை 1:100-இலிருந்து 1:20-க்கு மாற்றிப் பாருங்கள். முன்பணம் ஐந்து மடங்காகும், ஸ்வாப் அப்படியே இருக்கும். அது முழு 10,000 டாலருக்கும் கணக்கிடப்படுகிறது. அதிலும் இரண்டு வட்டிகளின் வித்தியாசம். டாலரை விற்றவர் டாலர் வட்டியைக் கொடுத்து யென் வட்டியை வாங்குகிறார். அந்தச் சமயம் டாலருக்கு 5 விழுக்காட்டுக்கு மேல், யெனுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே. அதனால் கதிருக்குக் கொடுப்பது மட்டும்தான் மிஞ்சியது. எதிர்ப் பக்கம் நின்றவருக்கு அதுவே வரவு. பாதிப் பேருக்கு வரவாக இருப்பதைக் "கட்டணம்" என்றால் பொருந்துமா, மல்லிகா?

நான் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் பல வருடம் தீர்வுக் கணக்கு பார்த்தவள். அங்கே நடப்பது இதுதான்: இன்று வாங்கிய நாணயம் இரண்டு வேலைநாள் கழித்துக் கைமாற வேண்டும். கைமாற்ற விருப்பமில்லை என்றால், பழைய தேதிக்கு முடித்து அடுத்த தேதிக்குத் திரும்பத் திறக்கிறோம். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்வாப். நியூயார்க்கில் மாலை 5 மணிக்கு நாள் முடிகிறது. நமக்கு அது விடியற்காலை 5, அவர்களுடைய குளிர்காலத்தில் 6. புதன்கிழமை கணக்கை முடிக்கும்போது தீர்வுத் தேதி வெள்ளியிலிருந்து திங்களுக்குத் தாவுகிறது, சனி ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. நமக்கு அப்போது வியாழன் விடிந்துவிடும். கதிரின் 5.60 அதுதான்.

கதிர், வணிகம் செய்யும் MT5 செயலியில் அந்த நாணய ஜோடியின் விவரத்தைத் திறந்தால் Swap long, Swap short என்று இரண்டு எண் இருக்குமே, அப்போது என்ன இருந்தது?

கதிர் எழுதியது:

படம் பிடித்து வைத்திருக்கிறேன். Swap long 17, Swap short -28. அதன் கீழே 3-days swap: Wednesday. அதையும் அப்போது கவனிக்கவில்லை.

ரேணுகா எழுதியது:

சரி, இனி கணக்கு சுலபம். ஒரு பாயிண்ட் என்பது விலையில் 0.001 யென், 0.1 லாட்டில் அது 10 யென். ஓர் இரவுக்கு 280 யென். ஆறு வாரத்தில் சந்தை இரவுகள் 30தான், ஆனால் புதன்கள் மும்மடங்காவதால் கழிந்தது 42 நாளுக்கு. 42 × 280 = 11,760 யென். விலையில் நீங்கள் சம்பாதித்தது 10,000. துண்டு 1,760 யென், அதுதான் உங்கள் 12 டாலர். வேறு மாதிரி சொன்னால், டாலர் 1.18 யென் இறங்கிய பிறகுதான் உங்கள் லாபமே தொடங்கும். ஒரே நாளில் மூடுகிறவருக்கு இது தூசு. வாரக்கணக்கில் வைத்திருப்பவர் இந்த எண்ணை நுழையும் முன்பே போட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் தோராயமாகத்தான். தரகர் இடையில் ஸ்வாப்பை மாற்றலாம்.

இன்னொன்று. 17-க்கும் 28-க்கும் நடுவில் 22.5. வட்டி வித்தியாசத்தை நான் தனியாகப் போட்டாலும் கிட்டத்தட்ட அதுதான் வருகிறது. ஆக, வாங்கினாலும் விற்றாலும் பக்கத்துக்கு 5.5 பாயிண்ட் தரகருக்கு. இரண்டு எண்ணும் கழித்தலில் இருக்கும் ஜோடிகளும் உண்டு. அங்கே வட்டி வித்தியாசத்தைவிடத் தரகரின் பங்கு பெரிது.

கதிர் எழுதியது:

அப்படியானால் வியாழன் விடியற்காலை 4.55-க்கு டாலரை வாங்கி 5.05-க்கு விற்றால் மூன்று நாள் வரவு சும்மா கிடைக்குமே?

ரேணுகா எழுதியது:

அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகன்றுவிடும். உங்கள் மூன்று நாள் வரவு 51 பாயிண்ட், விலையில் 0.05 யென் அளவுதான். அதை அந்த இடைவெளியே விழுங்கிவிடும்.

ஃபரிதா (பட்டர்வொர்த்) எழுதியது:

ஸ்வாப் இல்லாத இஸ்லாமியக் கணக்கு என்று விளம்பரம் வருகிறதே, அதை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று என் தம்பி கேட்கிறான். அவன் காட்டிய கணக்கில் சில இரவுகளுக்குப் பிறகு "நிர்வாகக் கட்டணம்" என்று தினமும் பிடிக்கிறார்கள். பெயர்தான் வேறு. 2012-இல் தேசிய ஃபத்வா குழு தனிநபர்கள் இணையத்தில் ஸ்பாட் நாணய வணிகம் செய்வதையே கூடாது என்று சொல்லிவிட்டது என்பதையும் அவனிடம் சொன்னேன். கேட்கிற மாதிரி இல்லை. ஆனால் கையேட்டில் "வட்டி" என்ற சொல் இருக்கட்டும், மல்லிகா. அது வட்டிதான் என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

சண்முகம் எழுதியது:

நான் பின்வாங்குகிறேன். நடப்பு வட்டி என்பது ஒரே வட்டி, இங்கே இரண்டு. "தள்ளுகூலி" என்று யோசித்தேன், தேதியைத் தள்ளுவதால். என் மகள் கேட்டுவிட்டு "என்ன தள்ளுபடி அப்பா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். "தங்குவட்டி" எப்படி? பொசிஷன் தங்கினால் விழுவது. வினைத்தொகை, சுருக்கமும்கூட.

மல்லிகா எழுதியது:

ஐயா, பிடித்திருக்கிறது. "இரவுக் கட்டணம்" போனதில் வருத்தமில்லை, புதன் இரவு ஒன்றே மூன்றாகக் கணக்காகும்போது அந்தப் பெயர் நிற்காது. குறி மாறும்போது "தங்குவட்டி வரவு", "தங்குவட்டிப் பற்று" என்று சொல்லிக்கொள்ளலாம். ஃபரிதாவின் தம்பி கணக்கில் இருப்பதற்கு "தங்குகூலி" என்று தனியாகவே போடுகிறேன். கேரி டிரேடுக்கு?

கதிர் எழுதியது:

"வட்டி அறுவடை".

ரேணுகா எழுதியது:

அறுவடையா! உங்கள் படத்தில் இருந்த 17 பாயிண்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க டாலரை வாங்கி வைத்திருந்தால் 6.2 யென் வரும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் டாலர் 161 யெனைத் தாண்டி நின்றது. ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142-க்குக் கீழே போய் வந்தது. மூன்று வருட வரவு ஒரே மாதத்தில் போயிற்று. குறைந்த வட்டிக்கு யென் கடன் வாங்கியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே வாசலில் முண்டியடித்ததும் ஒரு காரணம். வெறுமனே "வட்டியிடை வணிகம்" என்றால் போதாதா?

சண்முகம் எழுதியது:

"வட்டியிடை" காதில் விழும்போது ஒரு மாதிரி இருக்கிறது, அம்மா. ஊரில் வட்டிக்கு வாங்கி வட்டிக்கு விடுகிறவன் என்போம். அதை ஒரு சொல்லாகச் சுருக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். மல்லிகா, அச்சுக்கு எப்போது?

மல்லிகா எழுதியது:

வெள்ளிக்கிழமை, ஐயா. அதுவரை கேரி டிரேட் கேரி டிரேடாகவே இருக்கட்டும். சுமப்பை மட்டும் இன்றே இறக்கிவிட்டேன். கையேட்டில் இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: பாங்க் நெகாராவின் அனுமதி இல்லாத தளத்தில் நாணயம் வாங்கி விற்பது இங்கே சட்டப்படி குற்றம். கதிர், உங்கள் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.